பதினான்காம் தேதி போட்ட கையெழுத்து

உமா மகேஸ்வரி அந்த விடுப்புக் கடிதத்தை நான்கு முறை எழுதி நான்கு முறை அழித்தாள். தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு வங்கிக் கிளையில் அவள் தலைமைக் காசாளர். பணியில் சேர்ந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போனால் இரண்டாம் நாளே திரும்பிவிடுவாள். இந்தத் தடவை அப்படி முடியாது. தென்காசியில் தங்கை அபர்ணாவுக்கு ஜனவரி இருபத்திரண்டு, வியாழக்கிழமை நிச்சயதார்த்தம். அப்பா இல்லாத வீடு. அம்மா பேராச்சிக்கு முழங்கால் வலி. மூத்தவள் போய் நின்றுதான் ஆகவேண்டும்.

காலண்டர் அவளுக்குச் சாதகமாகத்தான் விழுந்திருந்தது. பதினைந்து, பதினாறு, பதினேழு பொங்கல் விடுமுறை. பதினெட்டு ஞாயிறு. இருபத்து நான்கு நான்காவது சனி, இருபத்தைந்து ஞாயிறு, இருபத்தாறு குடியரசு தினம். நடுவில் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள் லீவு போட்டால் பன்னிரண்டு நாள் ஊரில் இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க யாருக்கும் பெரிய மூளை வேண்டியதில்லை. கிளையில் எல்லோருமே கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதுதான் சிக்கல்.

காசாளர் வேலை பார்க்கத் தெரிந்தவர்கள் அங்கே மூன்று பேர். அவள், பிரின்ஸ், சஃப்ரின். ஒரே நேரத்தில் இரண்டு பேர் போக முடியாது. பிரின்ஸ் நாகர்கோவில்காரன். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவே லீவு எடுத்துப் போய்வரத் தேதி குறித்திருந்தான். அதனால் பொங்கலைக் கேட்க மாட்டான். சஃப்ரின் கடையநல்லூர்ப் பெண். வேலையில் சேர்ந்து இரண்டு வருடம்தான். அவளுக்கு மார்ச்சில் ரமலான் பெருநாளுக்குப் போகவேண்டும்.

"ரம்ஜானுக்கு நீ எத்தன நாள் வேணும்னாலும் போ, நான் இருந்து பாத்துக்கிடுதேன். பொங்கலுக்கு எனக்கு நீ இரு" என்றாள் உமா.

"இருக்கேன்க்கா. ஆனா சாவி? அது எனக்குப் பயமா இருக்கு."

ஸ்ட்ராங் ரூமில் இருக்கும் காசுப் பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று அதிகாரி விஜயசங்கரிடம், இன்னொன்று தலைமைக் காசாளரிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். காசாளர் லீவில் போனால் சாவியைப் பதிவேட்டில் எழுதி அடுத்தவரிடம் ஒப்படைக்கவேண்டும். சஃப்ரின் இதுவரை அந்தச் சாவியைக் கையில் வாங்கியதே இல்லை.

"என்ன பயம்? பத்திரமா பையில வச்சுக்கிட்டு வந்து திறக்கப் போற. அஞ்சே நாளு" என்று உமா சிரித்தாள். சஃப்ரின் சரி என்றாள். வேறு என்ன சொல்வாள்?

அதன் பிறகு கடிதம் தானாக வந்தது. 'ஜனவரி 19 முதல் 23 முடிய ஐந்து நாள் ஈட்டிய விடுப்பு கோருகிறேன். முன்னும் பின்னும் வரும் பொது விடுமுறைகளைச் சேர்த்துக்கொள்ளவும், ஊரை விட்டு வெளியே தங்கவும் அனுமதிக்கவேண்டும். இந்நாட்களில் திரு. பிரின்ஸோ செல்வி சஃப்ரினோ விடுப்புக் கோரவில்லை, இருவரிடமும் பேசிவிட்டேன். என் பொறுப்பில் உள்ள சாவியைப் பதினான்காம் தேதி மாலை செல்வி சஃப்ரினிடம் முறைப்படி ஒப்படைத்துவிடுவேன். கவுண்டர் வேலைக்கு எந்தத் தடையும் வராது.'

மேலாளர் காந்திமதிநாதன் திருநெல்வேலிக்காரர். டிசம்பர் பத்தாம் தேதியே ஒப்புதல் கொடுத்துவிட்டார். "இப்படித் தெளிவா எழுதினா எனக்கு வேலையே இல்லம்மா" என்றார்.

பதினான்காம் தேதி போகிப் பண்டிகை. கவுண்டரில் கூட்டம் அலைமோதியது. உமாவுக்கு ஒன்பது மணிக்குத் தாம்பரத்தில் ரயில். கணவன் ரவி இரண்டு தடவை போன் செய்துவிட்டான். நான்கு மணிக்கே அவள் சாவிப் பதிவேட்டை எடுத்து, 'ஒப்படைத்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். 'பெற்றுக்கொண்டேன்' என்ற இடத்தில் சஃப்ரினும் போட்டாள்.

"கடைசியில பூட்டிட்டுத் தாரேன். இப்பம் கையெழுத்த முடிச்சிருவோம், நேரமாயிரும்" என்றாள் உமா.

ஐந்தே முக்காலுக்குக் கணக்கு முடிந்தது. விஜயசங்கரும் உமாவும் பெட்டகத்தைப் பூட்டினார்கள். வெளியே சஃப்ரினிடம் ஒரு வாடிக்கையாளர் செக் புத்தகத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். உமா கையசைத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

*

பொங்கலன்று காலை தென்காசியில் இறங்கியபோது லேசான சாரல். அன்றும் மறுநாளும் வீட்டில் பேச்சுக்கு ஓய்வே இல்லை. பந்தல்காரர், சமையல்காரர், மாப்பிள்ளை வீட்டார் வடகரையிலிருந்து எத்தனை பேர் வருவார்கள் என்ற கணக்கு. பதினாறாம் தேதி மத்தியானம் சஃப்ரினிடமிருந்து வாட்ஸப்பில் செய்தி வந்தது.

'அக்கா, சாவிய என் கையில குடுத்தீங்கல்ல?'

உமா அப்போது அபர்ணாவுக்குச் சேலை பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய்க் கைப்பையைத் திறந்து பார்த்தாள். வழக்கமாகச் சாவி வைக்கும் உள்ளறை காலியாக இருந்தது. அப்பாடா என்று இருந்தது. உடனே எழுதினாள்.

'குடுத்துட்டேன்லா. ரெஜிஸ்டர்ல நீ கையெழுத்துப் போட்டிருக்கியே. நல்லா தேடிப் பாரு.'

படித்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை. கிடைத்திருக்கும், அதனால்தான் எழுதவில்லை என்று உமா நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. ஆனால் அன்று முழுக்க எதைத் தொட்டாலும் மனது அதில் இல்லை. தான் சாவியைக் கொடுத்த நொடியை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். பதிவேடு நினைவிருந்தது, பேனா நினைவிருந்தது. சஃப்ரினின் கை மட்டும் நினைவுக்கு வரவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தை அமாவாசை. ரவி அவன் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கவேண்டும். இருவரும் அதிகாலையிலேயே குற்றாலத்துக்குப் போய்விட்டார்கள். பேரருவிக்கரையில் கால் வைக்க இடமில்லை. வரிசை வரிசையாக ஆட்கள் எள்ளும் தண்ணீருமாய் உட்கார்ந்திருந்தார்கள். அருவியில் தண்ணீர் நன்றாகவே விழுந்துகொண்டிருந்தது. உமா படிக்கட்டு ஓரம் துணிப்பையையும் கைப்பையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு ராத்திரி தூக்கமில்லாததில் தலை விண்விண்ணென்று தெறித்தது. மாத்திரை அட்டையைத் தேடிக் கையை விட்டாள். பையின் அடியில் உள்துணி கிழிந்திருந்தது. அந்தக் கிழிசலுக்குள் அட்டை நழுவிப் போயிருக்கும் என்று விரலை விட்டுத் துழாவினாள்.

விரலில் இரும்பு பட்டது.

நீளமான, கனத்த, இரட்டைப் பல் வைத்த சாவி. பதினோரு வருடத்துப் பழக்கம். பெட்டகத்தைப் பூட்டியதும் அவள் கை அவளைக் கேட்காமலே அதைப் பைக்குள் போட்டிருக்கிறது. உள்ளறைத் துணி கிழிந்து அடிக்கு இறங்கிவிட்டது.

முதலில் எதுவுமே தோன்றவில்லை. அருவிச் சத்தம் கூடக் கேட்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. அறுநூறு கிலோமீட்டர். நாளை திங்கள், காலை பத்து மணிக்குக் கிளை திறக்கவேண்டும். நான்கு நாள் மூடிக்கிடந்த கிளை. வாசலில் வரிசை நிற்கும். பெட்டகம் திறக்காது. அதைவிட, 'கையெழுத்துப் போட்டிருக்கியே' என்று தான் எழுதிய வரி.

போனை எடுத்துச் சஃப்ரினைக் கூப்பிட்டாள். 'தொடர்புகொள்ளும் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது.' மறுபடியும் அதே குரல். பிரின்ஸைக் கூப்பிட்டாள்.

"அக்கா, உங்களுக்கு விஷயம் தெரியாதா? சஃப்ரின் சாவியத் தொலைச்சிட்டா. நேத்து சாயங்காலம்தான் மேனேஜர்கிட்ட சொல்லியிருக்கா. சார் போன்லயே கத்திட்டாராம். போலீஸ்ல புகார் குடுக்கணும், பூட்டயே மாத்தணும், நீ சஸ்பெண்ட் ஆயிருவன்னு சொல்லியிருக்காரு. அழுதுக்கிட்டே எனக்குப் போன் பண்ணினா. அதுக்கப்புறம் போன் ஸ்விட்ச் ஆஃப். ஹாஸ்டல்ல கேட்டா காலையிலயே எங்கயோ போயிட்டாளாம்."

"எங்க போயிட்டா?"

"தெரியலக்கா. எனக்கே ஒரு மாதிரி இருக்கு."

இருபத்து நான்கு வயதுப் பெண். சாவி என்றாலே பயம் என்று முதல் நாளே சொன்னவள். தாம்பரத்தில் எங்கே திரும்பினாலும் ரயில் தண்டவாளம். அந்த நினைப்பை உமா தலையை உதறி விரட்டப் பார்த்தாள், அது போகவில்லை.

ஈர வேட்டியோடு ரவி வந்தான். அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவள் விரல்களை மூடினான்.

"உள்ள வையி. யாருக்கும் தெரியாதுலா?"

"தெரியாது."

"ரெஜிஸ்டர்ல அந்தப் புள்ள கையெழுத்து இருக்கு. பேப்பர்ல நீ குடுத்தாச்சு. அவ வாங்கியாச்சு. இப்பம் நீ போயி எங்கிட்டதான் இருக்குன்னு சொன்னா ரெண்டு பேரு வேலையும் போவும். சொல்லலன்னா..."

அவன் முடிக்கவில்லை. அவன் பார்வை மட்டும் பாறைக்குக் கீழே இறங்கி ஓடும் ஆற்றுப் பக்கம் போய்வந்தது. ரவி கெட்டவன் இல்லை. பயந்துபோயிருந்தான். அவளும் அந்தத் தண்ணீரைப் பார்த்தாள். அருவி விழுந்த இடத்திலிருந்து சிற்றாறு நுரைத்துக்கொண்டு போனது. கையை நீட்டினால் போதும். ஒரு பெண் சாவியைத் தொலைத்தாள் என்று முடிந்துவிடும். அபர்ணாவின் நிச்சயத்துக்கு இன்னும் நான்கு நாள். அம்மா எல்லோரிடமும் 'எம்மவ பேங்குல ஹெட் கேஷியரு' என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று பிறகு அவளால் சொல்ல முடியவில்லை. தான் அதை நினைத்தாள் என்பது மட்டும் நிஜம். சாவி கைக்குள் சூடாகிவிட்டிருந்தது.

"அந்தப் புள்ளய காணலங்க" என்றாள். "காலையிலேருந்து காணல."

ரவி ஆற்றிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

அவள் மேலாளரின் எண்ணை அழுத்தினாள். அருவி இரைச்சலில் கேட்காதென்று கடைத்தெருப் பக்கம் நடந்துகொண்டே பேசினாள்.

"சார், சாவி எங்கிட்ட இருக்கு. சஃப்ரின் தொலைக்கல. நான் குடுக்கவே இல்ல. கையெழுத்த மட்டும் முன்னாடியே போட்டுட்டோம். என் பையிலயே வந்துட்டு."

லைன் துண்டித்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தாள்.

"நீங்க இப்ப எங்க இருக்கீங்க?" காந்திமதிநாதன் கேட்டார். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"குற்றாலத்துல சார்."

"அந்தப் பொண்ணு வெள்ளிக்கிழமை உங்ககிட்ட கேட்டிருக்கா. குடுத்துட்டேன்னு எழுதியிருக்கீங்க. அந்த மெசேஜ எனக்கு அனுப்பினா."

"ஆமா சார்."

"அத நம்பித்தான் நான் அவள அந்தப் பேச்சு பேசினேன்."

உமா நடப்பதை நிறுத்தினாள்.

"சார், அவ போன எடுக்கமாட்டேங்கா. ஹாஸ்டல்லயும் இல்ல. முதல்ல அவளப் பாருங்க சார். என்னய அப்பறம் என்ன வேணும்னாலும் செய்ங்க."

"இல்லையா? எப்பலேருந்து?" இப்போது அவர் குரலும் மாறியது. "நான் பிரின்ஸக் கூட்டிட்டுப் போய்ப் பாக்குதேன். டூப்ளிகேட் சாவி வேற கிளையில இருக்கு. ரீஜனல் ஆபீஸ் உத்தரவு இல்லாம அத எடுக்க முடியாது. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. நாளைக்கு ஒம்பதரைக்குள்ள நீங்க சாவியோட கிளையில நிக்கணும். கூரியர், தெரிஞ்ச ஆளு, அதெல்லாம் கூடாது. நீங்களே வரணும்."

*

பொங்கலுக்கு வந்த தென்மாவட்டம் மொத்தமும் சென்னைக்குத் திரும்பும் ஞாயிற்றுக்கிழமை அது. பொதிகை ரயிலில் காத்திருப்போர் பட்டியலே மூடியிருந்தது. ஆம்னி பஸ்களில் ஒரு இருக்கைகூட இல்லை. ரவி தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு சிறப்புப் பேருந்தாக ஏறி இறங்கினான். உமா வீட்டுக்குள் நுழைந்து அம்மாவிடம், ஆபீஸில் அவசரம், நாளைக்குப் போய்விட்டு வந்துவிடுகிறேன் என்றாள். அம்மா நம்பவில்லை.

"எம்மா, வேலைக்கு ஏதும் ஆயிட்டா? மூஞ்சியே சரியில்லியே" என்றாள்.

அபர்ணா பின்னாலேயே வந்தாள். "வியாழக்கெழம நீ இருப்பல்லாக்கா?"

"இருப்பேன்" என்றாள் உமா. அது பொய்யாகிவிடுமா என்று அவளுக்கே தெரியவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு அரசு சிறப்புப் பேருந்தில் கடைசி வரிசையில், இரண்டு குடும்பங்களுக்கு நடுவில், ஒரு இடம் கிடைத்தது. சாவியை ஒரு கைக்குட்டையில் சுற்றி, அதைச் சேலை முந்தானையில் முடிந்து, முடிச்சை இடுப்பில் செருகியிருந்தாள். சாவி அங்கே இருக்கிறதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பிரின்ஸிடமிருந்து போன் வரவில்லை. அவள் செய்தால் எடுக்கவில்லை. சங்கரன்கோவில் தாண்டியது. ராஜபாளையம் தாண்டியது. போன் அதிர்ந்தபோதெல்லாம் எடுத்துப் பார்த்தாள். ஒரு தடவை ரவி, ஒரு தடவை ஏதோ விளம்பரம்.

மதுரைக்கு முன்னால் பிரின்ஸ் கூப்பிட்டான்.

"இருக்காக்கா."

உமா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் இருந்த பெண்மணி என்னவோ ஏதோ என்று பார்த்தாள்.

"பேங்க் வாசல்லயேதான் இருந்தா. காலையில எட்டு மணிக்கே வந்துட்டாளாம். ஏ.டி.எம். வாட்ச்மேன் சொன்னாரு. ஹாஸ்டல்லேருந்து பேங்க் வர்ற வழி பூரா ரோட்டோரம் குப்பையக் கிளறிக்கிட்டு இருந்திருக்கா. போனுல சார்ஜ் இல்ல. நாங்க போகும்போது படியில உக்காந்திருந்தா. சார் கைய எடுத்துக் கும்பிட்டாரு அவகிட்ட. எனக்கே ஒரு மாதிரி ஆயிட்டுது."

"எங்கிட்ட பேசச் சொல்லு பிரின்ஸ்."

அவளிடம் கேட்டுவிட்டுப் பிரின்ஸ் சொன்னான். "இப்ப வேண்டாங்காக்கா."

*

விடிந்தபோது பேருந்து செங்கல்பட்டைத் தாண்டி நின்றுவிட்டது. எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் வண்டிகள். எட்டு மணி. எட்டேகாலுக்கும் அதே இடம். உமா இறங்கிவிட்டாள். சாலையோரம் நடந்து, ஒரு ஆட்டோவை மறித்து, பக்கத்து ரயில் நிலையத்துக்குப் போய் மின்சார ரயிலில் தொற்றிக்கொண்டாள். கூட்டத்தில் இடுப்பு முடிச்சின் மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை. தாம்பரத்தில் இறங்கி ஓடினாள். கிளை வாசலுக்கு வந்தபோது ஒன்பது நாற்பது.

காந்திமதிநாதனும் விஜயசங்கரும் உள்ளே நின்றார்கள். அவள் முடிச்சை அவிழ்த்துச் சாவியை மேஜைமேல் வைத்தாள். மேலாளர் அதைத் தொடவில்லை.

"முதல்ல பெட்டகத்தத் திறங்க. மூணு பேரும் பாத்து இருப்பச் சரின்னு எழுதணும். அப்புறம் பேசுவோம்."

எல்லாம் சரியாக இருந்தது. பத்து மணிக்கு ஷட்டர் ஏறியது. வெளியே வரிசையில் நின்ற யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அன்று சாயங்காலம் வரை உமாவே கவுண்டரில் உட்கார்ந்தாள். சஃப்ரின் அடுத்த கவுண்டரில் இருந்தாள். கண் வீங்கியிருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

நான்கு மணிக்கு மேலாளர் கூப்பிட்டார். ரீஜனல் ஆபீஸுக்கு நடந்ததை அப்படியே எழுதியிருந்தார். சாவி வாங்காமல் கையெழுத்துப் போட்டதற்கு சஃப்ரினும், கொடுக்காமல் போட்டதற்கு உமாவும் விளக்கம் எழுதித் தரவேண்டும். அதைக் கவனிக்காமல் விட்டதற்குத் தானும் எழுதவேண்டும் என்றார்.

"என்ன சார் செய்வாங்க?"

"தெரியலம்மா. மெமோவோட விட்டாலும் விடுவாங்க. இன்க்ரிமென்ட்ல கை வச்சாலும் வைப்பாங்க. நீங்களா வந்து சொன்னதையும் எழுதியிருக்கேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னைக்கு ஒரு நாள் லீவ ரத்து பண்ணிட்டேன். மீதி நாலு நாள் இருக்கு. தங்கச்சி நிச்சயத்துக்குப் போறதுன்னா போங்க. பதிவேட்டுல புதுசா எழுதி, கையில குடுத்து, அதுக்கப்புறம் கையெழுத்து. நான் பாத்துக்கிட்டு நிப்பேன்."

"சஃப்ரின் வாங்குவாளா சார்?"

"பிரின்ஸ்கிட்ட குடுங்க. அந்தப் பொண்ண விடுங்க."

சாவியைப் பிரின்ஸ் வாங்கினான். வாங்கிய கையோடு மேலாளரிடம் காட்டினான். பிறகுதான் பேனாவை எடுத்தான். உமா வெளியே வந்தபோது சஃப்ரின் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"சஃப்ரின்."

நிமிர்ந்தாள்.

"நான் பைய சரியா பாக்காம எழுதிட்டேன். உனக்கு ஏதாவது ஆயிருந்தா..."

"நான் மூணு நாள் சாப்பிடலக்கா" என்றாள் சஃப்ரின். குரல் உயரவில்லை. "வாங்கின மாதிரி ஞாபகமே இல்ல. ஆனா நீங்க குடுத்தேன்னு சொல்லுதீங்க. அப்பம் எனக்குத்தான் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நெனச்சேன். உம்மாட்ட கூட சொல்லல."

உமா அவள் கையைப் பிடிக்கப் போனாள். சஃப்ரின் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"போயிட்டு வாங்க. நிச்சயம் நல்லா நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். அவள் அதை மனசாரத்தான் சொன்னாள் என்று உமாவுக்குப் பட்டது. மன்னித்துவிட்டாள் என்று மட்டும் படவில்லை.

அன்று ஆறு மணிக்குத் தெற்கே போன பேருந்தில் ஆளே இல்லை. முப்பத்தாறு இருக்கையில் ஏழெட்டுப் பேர். நடத்துநர், எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள் என்றார். உமா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எதிர்த்திசையில் சென்னைக்குள் வரும் வண்டிகள் இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தன. அவள் கைப்பையைத் திறந்தாள். கவிழ்த்து, எல்லாவற்றையும் மடியில் கொட்டி, உள்துணியை வெளியே இழுத்து, ஒவ்வொரு மூலையாகத் தடவிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. பேருந்து பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் இன்னொரு முறை பார்த்தாள்.